விசா கிடைக்காத தோழிக்கு என்ன எழுதி அனுப்புவது?

"ஏழு மாதம் காத்திருந்து, நேற்று காலை என் நெருங்கிய தோழிக்கு அமெரிக்க மாணவர் விசா ரிஜெக்ட் ஆகிவிட்டது. 214(b) என்று போட்ட ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம். போனை எடுக்க மாட்டேன் என்கிறாள். 'எல்லாம் நன்மைக்கே' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கு என்ன மெசேஜ் அனுப்பலாம்?"

இன்றைக்கு ஒரு மெசேஜ் அனுப்புங்கள். நாலைந்து நாள் கழித்து இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடாதீர்கள். முதலாவதில் தகவல் எதுவும் வேண்டாம், இரண்டாவதில் தகவல்தான் முக்கியம். பெரும்பாலான நண்பர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். சேதி கேட்ட அரை மணி நேரத்தில் "அடுத்து எப்போ அப்ளை பண்ணலாம்?" என்று கேட்பார்கள், ஒரு வாரம் கழித்து நிஜமாகவே அந்தக் கேள்வி வரும்போது பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

நான் வெளிநாட்டுப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு ஆலோசகராக 11 வருடம் வேலை பார்த்தவன். நேர்காணல் முடிந்து வெளியே வருகிறவர்கள் வீட்டுக்குப் போகும் முன் எங்கள் அலுவலகத்துக்கு வருவது வழக்கம். கிடைத்தவர்கள் இனிப்போடு வருவார்கள். கிடைக்காதவர்கள் பாஸ்போர்ட்டோடு வருவார்கள். பாஸ்போர்ட் கையில் இருந்தாலே விஷயம் தெரிந்துவிடும், ஏனென்றால் விசா ஓகே ஆனால் அதில் விசா ஒட்டுவதற்காக அங்கேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கதவைத் திறந்து உள்ளே வருகிறவரின் முகத்தை நாங்கள் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்போம்.

அப்படி ஒரு நாள் வந்த ஒரு பெண் ஒன்றரை மணி நேரம் என் எதிரே உட்கார்ந்திருந்தார். அழவில்லை. மேசை மேல் வைத்த போன் மட்டும் அதிர்ந்துகொண்டே இருந்தது. "என்னாச்சு?" "முடிஞ்சுதா?" "சொல்லு சொல்லு", இப்படியே வந்துகொண்டிருந்தது. விஷயம் கொஞ்சம் பரவியதும் கேள்விகளின் தொனி மாறியது: "என்ன கேட்டாங்க? நீ என்ன சொன்ன?" ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு அவர் போனை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார். அப்புறம் ஒரு மெசேஜ் வந்தது. அதை அவர் இரண்டு தடவை படித்ததைப் பார்த்தேன். போகும்போது அவரே எனக்குக் காட்டினார். "கேள்விப்பட்டேன்டி. பதில் போடாத. சாயங்காலம் ஆறு மணிக்கு உன் வீட்டு வாசல்ல இருப்பேன். பேச வேண்டாம், சும்மா நடந்துட்டு வரலாம். வேணாம்னா ஒரு புள்ளி அனுப்பு, வரல." அவர் புள்ளி அனுப்பவில்லை.

இந்த நாலு வரி ஏன் வேலை செய்தது என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். அதில் கேள்வியே கிடையாது. பதில் எழுதும் கடமையையும் வெளிப்படையாகவே எடுத்துவிட்டது. ஏதாவது உதவி வேண்டுமென்றால் சொல்லு என்று பொதுவாக விடாமல், நேரமும் இடமும் சொல்லி ஒன்றே ஒன்றை முன்வைத்தது. மறுப்பதற்கும் ஒரு சுலபமான வழி வைத்தது. நொந்துபோய் இருப்பவருக்கு "என்ன உதவி வேணும்" என்று யோசித்துச் சொல்வதே ஒரு வேலை. அந்த வேலையை அவர் தலையில் கட்டக் கூடாது.

உங்களுக்கு "எல்லாம் நன்மைக்கே" எழுத மனம் வராதது சரியான உள்ளுணர்வுதான். அவள் இழந்ததை இழப்பே இல்லை என்று அது சொல்கிறது. அதைவிட மோசமானவையும் உண்டு. "என் சித்தி பையனுக்கு மூணாவது தடவைதான் கிடைச்சுது" என்று ஆறுதலுக்குச் சொல்வார்கள். கேட்கிறவர் காதில் அது "இன்னும் இரண்டு தடவை இப்படி நடக்கலாம்" என்றுதான் விழும். "அந்த ஆபீசருக்கு மூளையே இல்லை" என்று அவள் சார்பில் கோபப்படுவது கொஞ்ச நேரம் இதமாக இருக்கும். ஆனால் நாளைக்கு அவள் மறுபடி அதே கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் போய் நிற்க வேண்டியிருக்கலாம், அப்போது எதிரே இருப்பவர் எதிரி என்ற எண்ணம் அவளுக்கு உதவாது. "இங்கேயே எவ்வளவோ வாய்ப்பு இருக்கு" என்பது உண்மையாகவே இருக்கலாம். அன்றைக்குச் சொல்லத் தகுந்த உண்மை அதுவல்ல.

சரி, இனி அந்தத் தாளுக்கு வருகிறேன். நீங்கள் அதைப் புரிந்துகொண்டால்தான் இரண்டாவது மெசேஜ் சரியாக வரும். உங்கள் தோழியும் அதை இதற்குள் பத்துத் தடவையாவது படித்திருப்பாள். அதில் அவளைக் குத்துகிற சொல் ஒன்று இருக்கிறது. விசா பெற நீங்கள் தகுதியற்றவர் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் அது. நான் பார்த்தவர்களில் பலர் அந்த ஒரு சொல்லிலேயே நின்றுவிட்டார்கள். ஒரு பையன் அதன் கீழே பேனாவால் கோடு போட்டே கொண்டுவந்தான். படிப்பில் தகுதியில்லை, ஆங்கிலத்தில் தகுதியில்லை, ஆளாகவே தகுதியில்லை என்று அவன் எடுத்துக்கொண்டான். பல்கலைக்கழகம் இடம் கொடுத்திருக்கிறது, மதிப்பெண் இருக்கிறது, பணத்துக்கு வழி காட்டியாயிற்று, பிறகும் தகுதியில்லையா என்று கேட்டான்.

214(b) என்பது 1952-இல் வந்த அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் ஒரு பிரிவு. தற்காலிக விசா கேட்டு வருகிற ஒவ்வொருவரையும், சில வேலை விசாக்கள் நீங்கலாக, "இவர் அங்கேயே தங்கிவிட நினைப்பவர்" என்று வைத்துக்கொண்டுதான் அது தொடங்குகிறது. இல்லை, படித்து முடித்துத் திரும்புவேன் என்று அதிகாரியை நம்பவைக்கும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. அதாவது நேர்காணல் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதில்லை, அதற்கும் கீழேயிருந்து தொடங்குகிறது. அந்தச் சில நிமிடங்களில் அதிகாரி நம்பும் அளவுக்கு வரவில்லை என்றால் கொடுக்கப்படுவது இந்தத் தாள். அவள் பொய் சொன்னாள் என்று அதில் இல்லை. படிப்பு போதாது என்றும் இல்லை. இனி வரவே கூடாது என்றும் இல்லை. அந்த ஒரு விண்ணப்பத்தில் அந்த ஒரு விஷயம் நிரூபணமாகவில்லை, அவ்வளவுதான். கோடு போட்டுக் கொண்டுவந்த பையனிடம் நான் இதைத்தான் சொன்னேன். 'தகுதியற்றவர்' என்பதற்குப் பக்கத்திலேயே அவன் 'இன்னும் நிரூபிக்கவில்லை' என்று எழுதிக்கொண்டான். மொழிபெயர்ப்பாகப் பார்த்தால் தப்பு, சட்டத்தின் பொருளாகப் பார்த்தால் அதுதான் கிட்டத்தட்ட சரி.

இவ்வளவும் உறுதியாகச் சொல்லக்கூடியது. ஏன் மறுத்தார்கள் என்று கேட்டால் அது வேறு. அந்தத் தாள் எல்லோருக்கும் ஒரே மாதிரி அச்சடித்தது. அவளுடைய குறிப்பிட்ட காரணம் அதில் இருக்காது. அவள் தலைக்குள் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் படம் எனக்கு நன்றாகத் தெரியும்: 'ஏன் இந்தப் பல்கலைக்கழகம்' என்று கேட்டபோது ஒரு நொடி திணறினேனே, அப்பாவின் வருமானத்தைச் சொல்லும்போது தப்பாகச் சொல்லிவிட்டுத் திருத்தினேனே, வணக்கம் சொல்லும்போது சிரித்திருக்க வேண்டுமோ. இவற்றில் ஏதாவது ஒன்று காரணமாக இருந்திருக்கலாம். எதுவுமே காரணமாக இல்லாமலும் இருந்திருக்கலாம், ஏனென்றால் அவள் இணையத்தில் நிரப்பிய DS-160 என்ற விசா விண்ணப்பப் படிவம் முழுதும் அதிகாரியின் திரையில் இருக்கிறது, பேச்சு அதன் மேல்தான் நடக்கிறது. 11 வருடம் இதே வேலையில் இருந்த எனக்கே ஒரு குறிப்பிட்ட மறுப்புக்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லும் தைரியம் வந்ததில்லை. அப்படிச் சொல்கிற ஏஜென்ட்டுகள் உண்டு. அந்தக் காரணத்தைச் சரிசெய்யும் சேவையையும் அவர்களே விற்பார்கள் என்பதைக் கவனித்தால் போதும்.

அதனால் "நீ என்ன சொன்ன" என்று நீங்கள் கேட்காதீர்கள். கேட்டால் நீங்கள் இன்னொரு நேர்காணல் நடத்துகிறீர்கள் என்று ஆகும். அவளாகச் சொல்ல வந்தால் மட்டும் கேளுங்கள். அப்போதும் எந்தப் பதிலில் கோட்டைவிட்டாள் என்று தேடாதீர்கள்.

அவள் தாளில் 214(b) என்று தெளிவாக இருப்பதாகச் சொல்கிறீர்கள், ஆகவே உங்களுக்கு இது பொருந்தாது. ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும் என்பதால் ஒரு வார்த்தை. தாளில் 221(g) என்று இருந்தால் கதை வேறு. ஏதோ ஆவணம் குறைகிறது, அல்லது கூடுதலாகச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்று பொருள். இணையத்தில் நிலையைப் பார்த்தால் அதற்கும் Refused என்றே காட்டும், அதைப் பார்த்துவிட்டு வீடே துக்கம் கொண்டாடும். கேட்ட ஆவணத்தைக் கொடுக்க ஒரு வருடம் அவகாசம் உண்டு, அதற்குள் கொடுத்தால் புதிதாகக் கட்டணமும் இல்லை. இப்படி இன்னும் முடிந்துபோகாத விண்ணப்பத்துக்கு ஆறுதல் மெசேஜ் அனுப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனவே எழுதும் முன் எந்தப் பிரிவு என்று தெரிந்துகொள்வது நல்லது.

நான் செய்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். வேலையில் சேர்ந்த இரண்டாவது வருடம், மறுக்கப்பட்டு வந்த ஒருவரிடம் "கவலைப்படாதீங்க தம்பி, அடுத்த தடவை கண்டிப்பா கிடைக்கும்" என்றேன். அவர் முகம் தெளிந்தது. எனக்கும் நல்ல காரியம் செய்த திருப்தி. ஒன்பது நாளில் மறுபடி விண்ணப்பித்தார், அதே காகிதங்கள், அதே பதில்கள். மறுபடி 214(b). முதல் தடவை என் எதிரே வந்து உட்கார்ந்தவர் இரண்டாம் தடவை வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. விசா கொடுப்பது என் கையில் இல்லை, ஆனாலும் என் வாயால் கொடுத்துவிட்டேன். அதை நம்பித்தான் அவர் அவசரப்பட்டார். அதற்குப் பிறகு 'கண்டிப்பா' என்ற சொல்லை அலுவலகத்தில் நான் பயன்படுத்தியதில்லை. நீங்களும் மெசேஜில் அதை எழுதாதீர்கள். அவளுக்கு அடுத்த முறை கிடைக்குமா என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வாக்குறுதி கொடுக்க முடியாது என்றால் வேறு என்ன கொடுக்கலாம்? நிறைய இருக்கிறது. ஏழு மாதக் காத்திருப்பு என்றால் அதற்குள் எத்தனை பேரிடம் விஷயம் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வேலையை விட்டுவிட்டேன் என்று மேலாளரிடம் சொல்லியிருப்பாள். அங்கே அறையைப் பகிர்ந்துகொள்ள இன்னும் இரண்டு பெண்களிடம் ஒத்துக்கொண்டிருப்பாள். வாட்ஸப்பில் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்களின் குழுவில் இருப்பாள், அதில் நிமிடத்துக்கு ஒருமுறை "அப்ரூவ்ட்!" என்று யாராவது போட்டுக்கொண்டிருப்பார்கள். உறவுக்காரர்கள் பெட்டியின் எடை எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டிருப்பார்கள். விசா மறுக்கப்பட்ட வலி ஒரு தடவைதான் விழுகிறது, அதை ஒவ்வொருவரிடமும் சொல்லும் வலிதான் பல நாள் நீள்கிறது. முப்பது பேரிடம் முப்பது தடவை அதே வாக்கியம், முப்பது தடவை அதே "அச்சச்சோ".

இங்கே ஒரு தோழி செய்யக்கூடிய உதவியை வேறு யாரும் செய்ய முடியாது. "யாருக்கெல்லாம் சொல்லணுமோ பேரை மட்டும் அனுப்பு, நான் சொல்லிடறேன். உன்கிட்ட யாரும் கேட்கக் கூடாதுன்னும் சொல்லிடறேன்" என்று எழுதுங்கள். அவள் சம்மதம் இல்லாமல் ஒருவரிடமும் சொல்லாதீர்கள், அது வேறு பிரச்சினை ஆகிவிடும். பொதுவாக என்ன சொல்வது என்று ஒரு வரியை அவளோடு சேர்ந்தே முடிவு செய்துகொள்ளுங்கள்: "இந்த முறை விசா வரவில்லை, அடுத்து என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள்." அதற்கு மேல் விவரம் யாருக்கும் தேவையில்லை.

முதல் மெசேஜிலேயே நடைமுறை விஷயம் ஒன்று மட்டும் சேர்க்கலாம், அதுவும் அவசரம் என்பதால்: "அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுடாத, ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பி வை." கோபத்தில் கிழிப்பவர்கள் உண்டு. முன்பணம் கட்டியிருந்தால், விசா மறுக்கப்பட்டதற்கான சான்றைக் காட்டித் திரும்பக் கேட்க பல பல்கலைக்கழகங்களில் வழி இருக்கிறது. கல்விக்கடன் வாங்கியிருந்தால் வங்கியும் கேட்கலாம். ஒருவர் கிழித்த தாளைக் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்து டேப் ஒட்டிக்கொண்டு வந்தார். இப்போது அவரே அதைச் சிரித்துக்கொண்டு சொல்கிறார், அன்றைக்குச் சிரிக்கவில்லை.

ஆக, இன்றைக்கு அனுப்ப வேண்டியது இந்த அளவுக்கு இருக்கட்டும். உங்கள் இருவரின் பேச்சுவழக்குக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்:

"கேள்விப்பட்டேன்டி. ஏழு மாசம் நீ எப்படி ஓடினேன்னு பக்கத்துல இருந்து பார்த்தவ நான். என்ன சொல்றதுன்னு தெரியல. இது அநியாயமா வலிக்கும், வலிக்கட்டும், சரியாயிட்டேன்னு யாருக்கும் நீ காட்ட வேண்டாம். இதுக்குப் பதில் போட வேண்டாம். அந்தப் பேப்பரை மட்டும் கிழிச்சுடாத. யாருக்காவது சொல்லணும்னா பேரை அனுப்பு, நான் பாத்துக்கறேன். நாளைக்கு சாயங்காலம் வரேன். வேணாம்னா ஒரு புள்ளி போடு."

இதில் "ஏழு மாசம் நீ எப்படி ஓடினேன்னு பார்த்தவ நான்" என்பதைத்தான் நீங்கள் இன்னும் கூர்மையாக்க வேண்டும். நீங்கள் நிஜமாகப் பார்த்த ஒன்றைப் போடுங்கள். ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து நேர்காணலுக்குத் தேதி கிடைக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தாளா, படிப்பின் நோக்கம் பற்றிய கட்டுரையைப் பதினாறு தடவை திருத்தி எழுதினாளா, வங்கிக் கடிதத்துக்காக மூன்று நாள் அலைந்தாளா, அதைச் சொல்லுங்கள். அந்த உழைப்பை ஒருவராவது நேரில் பார்த்திருக்கிறார் என்பது அந்தத் தாளில் எங்கும் இல்லாத விஷயம். அதிகாரி அதைப் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது.

இரண்டாவது மெசேஜ் நாலைந்து நாள் கழித்து. அவள் தூங்கினாள், சாப்பிட்டாள், வேறு ஏதாவது விஷயத்தைப் பற்றி ஒரு வரியாவது பேசினாள் என்றால் நேரம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அப்போதும் தகவலைக் கொட்டாதீர்கள். "சில விஷயம் படிச்சு வெச்சிருக்கேன், எப்ப வேணும்னாலும் சொல்றேன்" என்று மட்டும் போடுங்கள். அவள் கேட்டால் சொல்ல வேண்டியவை இவை.

214(b) மறுப்புக்கு மேல்முறையீடு கிடையாது. அப்பீல் பண்ணித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும். ஆனால் மறுபடி விண்ணப்பிக்கத் தடையும் இல்லை, இத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதியும் இல்லை. புதிய DS-160, புதிய நேர்காணல், விசா கட்டணம் மறுபடி. நான் இதை எழுதும்போது மாணவர் விசாவுக்கு அது 185 டாலர், போன தடவை கட்டியது திரும்ப வராது. அமெரிக்க அரசின் வெளிநாட்டு மாணவர் பதிவு முறையான செவிஸுக்கு மாணவர்கள் தனியாகக் கட்டும் கட்டணம் 350 டாலர். முதல் மறுப்பிலிருந்து 12 மாதத்துக்குள் அதே வகை விசாவுக்கு மறுபடி விண்ணப்பித்தால் அதைத் திரும்பக் கட்ட வேண்டாம். இது தெரியாமல் இரண்டாம் தடவையும் கட்டியவர்கள் உண்டு. நொந்துபோயிருப்பவருக்கு 350 டாலர் மிச்சம் என்பதும் ஒருவகை ஆறுதல்தான், நான் கேலிக்குச் சொல்லவில்லை.

எப்போது விண்ணப்பிப்பது என்பதில்தான் நிதானம் வேண்டும். வேறொரு நாளில் வேறொரு அதிகாரி வேறு மாதிரி நினைக்கலாம், அப்படிக் கிடைத்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எதுவும் மாறாமல் மறுபடி போனால், ஏன் இன்றைக்கு மட்டும் வேறு முடிவு என்ற கேள்விக்கு அவளிடம் பதில் இருக்காது. முந்தைய மறுப்பு அதிகாரியின் திரையில் இருக்கும், "போன தடவைக்கும் இப்போதைக்கும் என்ன மாறியிருக்கிறது" என்று கேட்கவும் கேட்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் அவசரப்படாமல் பல்கலைக்கழகத்துக்கு எழுதி, சேரும் தேதியை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைத்து, விசாவுக்குக் காட்ட வேண்டிய I-20 என்ற சேர்க்கைப் படிவத்தைப் புதிதாக வாங்கினார். விட்ட வேலையிலேயே மறுபடி சேர்ந்தார். அந்த மாதங்களில் தான் செய்யும் வேலைக்கும் படிக்கப் போகும் பாடத்துக்கும் என்ன தொடர்பு, திரும்பி வந்து என்ன செய்வது என்பதை மனப்பாடமாக இல்லாமல் தன் வார்த்தையில் சொல்லும் அளவுக்குத் தெளிவாக்கிக்கொண்டார். இரண்டாம் முறை கிடைத்தது. இதனால்தான் கிடைத்தது என்று நான் சொல்ல மாட்டேன். கிடைக்காமல் போயிருந்தாலும் கையில் வேலை இருந்திருக்கும் என்பதை மட்டும் சொல்வேன். உங்கள் தோழிக்கு வகுப்பு தொடங்கும் நாள் நெருங்கியிருந்தால், தேதியைத் தள்ளிவைக்கக் கேட்பதற்குப் பல்கலைக்கழகம் கடைசி நாள் ஒன்று வைத்திருக்கும். அவளுக்காக நீங்கள் தேடிப் பார்த்து வைக்க வேண்டியது அந்த ஒரு தேதியைத்தான்.

இன்னொன்றில் மட்டும் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். "அடுத்த தடவை ரிஜெக்ட் ஆனதைப் போடாத, யாருக்குத் தெரியப் போகுது" என்று அவளை நேசிக்கும் யாராவது ஒருவர் சொல்லுவார், ஆறுதலாகவே சொல்லுவார். DS-160 படிவத்தில் இதற்கு முன் விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்வி நேரடியாகவே இருக்கிறது. பதில் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். இல்லை என்று டிக் செய்தால் அது பொய்த்தகவல் என்ற வேறு பிரிவுக்குள் போகலாம். அந்தப் பிரிவு 214(b) மாதிரி ஒரு விண்ணப்பத்தோடு முடிவதில்லை, விலக்கு வாங்காதவரை ஆயுள் முழுக்கக் கூடவே வரும். இப்போது அவள் கையில் இருப்பது திரும்பி வரக்கூடிய கதவு. ஒரு டிக்கில் அதைப் பூட்டிவிட வேண்டாம்.

நான் வழக்கறிஞன் இல்லை. மேலே சொன்னதெல்லாம் சாதாரண மாணவர் விசா மறுப்புக்குத்தான். அவள் தாளில் வேறு பிரிவு ஏதாவது சேர்த்து எழுதியிருந்தால், குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் போவதுதான் முறை. அதே மாதிரி நான் மனநல மருத்துவனும் இல்லை. பெரும்பாலானவர்கள் சில வாரங்களில் எழுந்துவிடுவார்கள். ஆனால் "இனிமே எதுக்கு இருக்கணும்" என்கிற மாதிரி ஒரு வார்த்தை அவளிடமிருந்து வந்தால், சும்மா சொல்கிறாள் என்று விடாதீர்கள். என்ன மெசேஜ் எழுதுவது என்று யோசித்துக்கொண்டும் இருக்காதீர்கள். நேரில் போங்கள், வீட்டில் ஒருவருக்காவது தெரியப்படுத்துங்கள், மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது.

கடைசியாக, நீங்கள் கேட்காத, ஆனால் நாளைக்குக் கேட்கப் போகும் ஒன்று. மெசேஜ் போய்ச் சேரும், இரண்டு டிக்கும் நீலமாகும், பதில் வராது. தப்பாக எழுதிவிட்டோமோ என்று அதை அழிக்கப் போகாதீர்கள். "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்ற வரி அவளை இன்னும் குழப்பும். பதில் வேண்டாம் என்று நீங்களே சொன்னீர்கள், அதை அவள் எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். மூன்றாம் நாள் இன்னொரு வரி போடுங்கள், விசாவைப் பற்றி இல்லாமல். நீங்கள் இருவரும் எப்போதும் திட்டுகிற யாரையாவது பற்றியோ, அவளுக்குப் பிடிக்காத உங்கள் புதுச் செருப்பைப் பற்றியோ. என் எதிரே உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணுக்கும் அவர் தோழி மூன்றாம் நாள் ஒன்று அனுப்பினாராம், ஒரு பூனை குப்புறப் படுத்துத் தூங்கும் படம். கீழே ஒரு எழுத்துகூட இல்லை. இவர் பதிலுக்கு அனுப்பியது ஒரு புள்ளி.